22 சதவீதம் ஈட்டும் பிரிவு 16 சதவீதத் திட்டத்தை மறுக்கலாமா?

கேள்வி: கோவையில் நூற்பாலையும் பம்ப் தயாரிப்பும் நடத்தும் ஒரு குழுமத்தில் பம்ப் பிரிவுக்கு நான் மேலாளர். என் பிரிவின் மூலதனம் 10 கோடி ரூபாய். 16 கோடிக்கு வாங்கிய இயந்திரங்கள் தேய்மானம் போக 6 கோடி, நடைமுறை மூலதனம் 4 கோடி. ஆண்டு லாபம் 2.20 கோடி, அதாவது 22 சதவீதம். நூற்பாலைக்கு 80 கோடி மூலதனம், 12 கோடி லாபம், 15 சதவீதம்தான். ஐந்தாண்டு ஏற்றுமதி ஒப்பந்தத்துக்காக 5 கோடியில் புதிய இயந்திர வரிசை போட யோசனை வந்தது. தேய்மானம் போக ஆண்டுக்கு 80 லட்சம் லாபம், 16 சதவீதம். என் விகிதம் 21-க்குக் கீழே போனால் ஊக்கத்தொகை கிடையாது என்பதால் வேண்டாம் என்றேன். புதிய நிதி இயக்குநர், 12 சதவீத மூலதனச் செலவைக் கழித்து ‘எஞ்சிய வருமானம்’ பார்க்க வேண்டும் என்கிறார். அந்தக் கணக்கில் நான் மறுத்தது தவறு, நூற்பாலை மேலாளர்தான் முதலிடம். ஒரே எண்களிலிருந்து இரண்டு தீர்ப்பு எப்படி வருகிறது? எது சரி?

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் நிதி இயக்குநர் இரண்டு விஷயங்களை ஒரே மூச்சில் சொல்லியிருக்கிறார். அவற்றில் முதலாவது சரி, இரண்டாவது சரியல்ல. அந்த 5 கோடித் திட்டத்தை நீங்கள் மறுத்ததால் குழுமத்துக்கு இழப்புதான். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் எஞ்சிய வருமானம் அதிகமாக இருப்பதை மட்டும் வைத்து நூற்பாலை மேலாளர் உங்களைவிடத் திறமையானவர் என்று சொல்வதை அந்தக் கணக்கு தாங்காது. இவ்விரண்டையும் தனித்தனியாகப் பார்த்தால்தான் முரண்பாடு எங்கே பிறக்கிறது என்பது தெரியும்.

முதலில் உங்கள் மறுப்பை எடுத்துக்கொள்கிறேன். புதிய வரிசையைச் சேர்த்தால் உங்கள் லாபம் 2.20 கோடியிலிருந்து 3 கோடியாகிறது. மூலதனம் 10 கோடியிலிருந்து 15 கோடியாகிறது. விகிதம் 22-லிருந்து 20 சதவீதத்துக்கு இறங்குகிறது. எஞ்சிய வருமானம் என்பது லாபத்திலிருந்து, பயன்படுத்திய மூலதனத்துக்கான செலவைக் கழித்தால் மிஞ்சும் ரூபாய். திட்டத்துக்கு முன்னால் உங்களுக்கு 2.20 கோடியில் 1.20 கோடி கழிந்து 1 கோடி மிஞ்சுகிறது. திட்டத்துக்குப் பின்னால் 3 கோடியில் 1.80 கோடி கழிந்து 1.20 கோடி மிஞ்சுகிறது. ஒரே முடிவுக்கு ஒரு அளவுகோல் இரண்டு புள்ளிகளைக் குறைக்கிறது, மற்றொன்று 20 லட்சம் ரூபாயைக் கூட்டுகிறது.

இதில் மாயம் ஒன்றுமில்லை. விகிதம் என்பது ஒரு சராசரி. பரீட்சையில் சராசரி 90 வைத்திருக்கும் மாணவன் அடுத்த தாளில் 80 வாங்கினால் அவன் சராசரி குறையும். சராசரி 50 வைத்திருப்பவன் அதே 80 வாங்கினால் அவனுடையது கூடும். தாள் ஒன்றுதான், மதிப்பெண்ணும் ஒன்றுதான். அதுபோல், சராசரியால் அளக்கப்படும் மேலாளர் புதிய திட்டம் ஒன்றைப் பார்க்கும்போது, “இது கம்பெனிக்கு ஆகும் பணச் செலவைவிட அதிகம் தருகிறதா” என்று கேட்பதில்லை. “என்னுடைய இப்போதைய விகிதத்தைவிட அதிகம் தருகிறதா” என்றுதான் கேட்பார். உங்களுக்கு அந்தக் கோடு 22-இல் நிற்கிறது. எஞ்சிய வருமானத்தால் அளக்கப்பட்டால் கோடு 12-இல் நிற்கும். 22-க்கு மேல் தரும் திட்டத்தை இரண்டு அளவுகோல்களும் ஏற்கும். 12-க்குக் கீழே தரும் திட்டத்தை இரண்டும் தள்ளும். இடைப்பட்ட வெளியில் விழும் திட்டங்களில் மட்டுமே இரண்டும் மோதும். உங்கள் 16 அந்த வெளியின் நடுவில் விழுந்துவிட்டது.

குழுமத்தின் கண்ணால் பார்த்தால் குறை இன்னும் தெளிவாகத் தெரியும். அதே 5 கோடித் திட்டம், அதே 80 லட்சம் லாபத்துடன், நூற்பாலை மேலாளரின் மேஜைக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவருடைய லாபம் 12.80 கோடி, மூலதனம் 85 கோடி. விகிதம் 15-லிருந்து 15.06 ஆக, சிறிதளவேனும், ஏறியிருக்கும். அவர் ஏற்றிருப்பார். பணம் ஒரே கஜானாவிலிருந்து வருகிறது, வங்கிக்கும் பங்குதாரருக்கும் கொடுக்க வேண்டியது ஒரே 12 சதவீதம்தான். இருந்தும் நன்றாக நடக்கும் பிரிவு மறுக்கிறது, சுமாராக நடக்கும் பிரிவு ஏற்கிறது. இப்படியே பத்தாண்டு போனால் குழுமத்தின் புது மூலதனம் முழுவதும் விகிதம் குறைந்த பிரிவுகளை நோக்கி ஓடும். விகிதத்தை மட்டும் ஊக்கத்தொகையோடு கட்டிவைப்பதில் எனக்குள்ள முதன்மையான ஆட்சேபம் இதுதான். உங்கள் மறுப்புக்கு உங்களைக் குறை சொல்ல மாட்டேன். உங்கள் முன்னால் 21 என்ற கோட்டைக் கிழித்து வைத்தவர்கள், 21-ஐக் காப்பாற்றும் முடிவைத்தான் விலை கொடுத்து வாங்கினார்கள்.

இந்த விகிதம் எப்படிப் பிறந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதன் மேல் நாம் ஏற்றிய சுமை பிற்காலத்தியது. அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் 1910-களில் டொனால்ட்சன் பிரவுன் என்ற நிதி அதிகாரி, முதலீட்டின் மீதான வருவாயை இரண்டாகப் பிரித்துக் காட்டினார்: விற்பனையில் எத்தனை சதவீதம் லாபம், மூலதனம் ஆண்டுக்கு எத்தனை தடவை விற்பனையாகச் சுழல்கிறது. இரண்டையும் பெருக்கினால் விகிதம். உங்கள் விற்பனை 22 கோடி என்று வைத்துக்கொண்டால், லாப விளிம்பு 10 சதவீதம், சுழற்சி 2.2 தடவை, பெருக்கினால் 22 சதவீதம். இது ஒரு நோயறியும் கருவி. விகிதம் சரிந்தால் விலையிலா, செலவிலா, சரக்கு தேங்கியதிலா என்று தேட உதவுவது. டூபாண்டில் பெரிய முதலீடுகளுக்குப் பணம் ஒதுக்கும் அதிகாரம் உச்சியிலிருந்த செயற்குழுவிடம் இருந்தது. விகிதம் அவர்களுக்கான தகவல். முதலீட்டை ஏற்கவும் மறுக்கவும் உரிமை உள்ள பிரிவு மேலாளரின் சம்பளத்தோடு அதே விகிதத்தை முடிச்சுப் போட்டபோதுதான் அவருடைய நலனும் குழுமத்தின் நலனும் வேறு வேறு திசையில் இழுக்கத் தொடங்கின. 1950-களில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் எஞ்சிய வருமானத்தைக் கையிலெடுத்ததற்கு இந்த இழுபறிதான் பின்னணி. 1990-களில் சில திருத்தங்களோடு ‘பொருளாதார மதிப்புக் கூட்டல்’, அதாவது ஈ.வி.ஏ., என்று புகழ்பெற்றதும் இதன் வழித்தோன்றலே.

மறுப்பில் மட்டும் இந்தச் சிக்கல் நிற்பதில்லை, விற்பதிலும் தலைகாட்டும். உங்கள் 10 கோடிக்குள் ஏட்டு மதிப்பு 2 கோடியுள்ள ஓர் இயந்திரத் தொகுதி ஆண்டுக்கு 32 லட்சம், அதாவது 16 சதவீதம், ஈட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அதை ஏட்டு மதிப்புக்கே விற்றுப் பணத்தைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டால், லாபம் 1.88 கோடியாகக் குறையும், மூலதனம் 8 கோடியாகும், விகிதம் 23.5 சதவீதமாக ஏறும். எஞ்சிய வருமானமோ 1 கோடியிலிருந்து 92 லட்சமாக இறங்கும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றைக் கழற்றி விற்றால் மதிப்பெண் ஏறுகிறது என்றால், அந்த மதிப்பெண்ணைத் துரத்தும் ஆள் எப்போதாவது அதைச் செய்தே தீருவார்.

செலவுக் கணக்காளராக நான் தணிக்கைக்குப் போன ஒரு தொழிற்சாலையில் மார்ச் 30 அன்று கேட்டுக்கு உள்ளே, மரப்பெட்டி பிரிக்கப்படாமல், தார்ப்பாய் போர்த்தி ஒரு கடைசல் இயந்திரம் நின்றுகொண்டிருந்தது. லாரி வந்து ஒன்பது நாளாகிவிட்டதாகக் காவலரின் வரவுப் பதிவேடு சொன்னது. சரக்கு வரவுச் சீட்டு மட்டும் ஏப்ரல் 1 தேதியிட்டுத் தயாராக எழுதி வைக்கப்பட்டிருந்தது. ஆண்டிறுதி மூலதனத்தை வைத்து விகிதம் கணக்கிட்டு வந்த பிரிவு அது. அந்த ஒன்பது நாளும் இயந்திரத்தின் மேல் போடப்பட வேண்டிய உதிரி வேலைகள் வெளியில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தன. அந்த மேலாளர் பணம் எதையும் திருடவில்லை. தன் விகிதத்தைக் காத்துக்கொண்டார், அவ்வளவே. உங்கள் குழுமத்தில் மூலதனம் ஆண்டிறுதி இருப்பை வைத்துக் கணக்கிடப்படுகிறதா, பன்னிரண்டு மாதச் சராசரியை வைத்தா என்று விசாரித்துப் பாருங்கள். ஆண்டிறுதி என்றால், எந்த அளவுகோலை வைத்தாலும் மார்ச் மாதத்தில் இப்படிப்பட்ட வேலைகள் நடக்கும்.

இப்போது உங்களுக்குச் சற்றுக் கசப்பாக இருக்கக்கூடிய ஒன்றைச் சொல்ல வேண்டும். உங்கள் 22 சதவீதத்தில் எவ்வளவு உங்கள் உழைப்பு, எவ்வளவு தேய்மானத்தின் கொடை? 16 கோடிக்கு வாங்கிய இயந்திரங்கள் ஏட்டில் 6 கோடியாக நிற்கின்றன. நீங்கள் ஒன்றும் செய்யாவிட்டாலும், லாபம் அப்படியே நின்றாலும், ஒவ்வோர் ஆண்டும் தேய்மானம் வகுக்கும் எண்ணைச் சிறிதாக்கி விகிதத்தை உயர்த்திக்கொண்டே இருக்கும். வாங்கிய விலையிலேயே, 16 கோடியும் நடைமுறை மூலதனம் 4 கோடியும் சேர்த்து 20 கோடிக்குக் கணக்கிட்டால், உங்கள் விகிதம் 11 சதவீதம். டூபாண்டில் தேய்மானத்தைக் கழிக்காத மொத்த முதலீட்டை வகுக்கும் எண்ணாக வைத்ததற்கு, பழைய ஆலை புதிய ஆலையைக் காட்டிலும் பொய்யாக மேலே தெரியக் கூடாது என்பதே காரணம். ஆனால் 11-ஐயும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். லாபத்தில் தேய்மானத்தைக் கழித்துவிட்டு மூலதனத்தில் கழிக்காமல் விடுவது உங்கள் மேல் சற்றுக் கூடுதல் பாரம் ஏற்றுவதாகும். உண்மை நிலை 11-க்கும் 22-க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: நீங்கள் காத்த அந்த 22 என்ற கோடு பழைய இயந்திரங்களின் ஏட்டு மதிப்பால் உயர்ந்து நின்ற கோடு; புதிய இயந்திரம் ஒன்றை அதோடு ஒப்பிட்டது நியாயமான போட்டி அல்ல.

இதே குறை எஞ்சிய வருமானத்திலும் இருக்கிறது, உங்கள் நிதி இயக்குநர் இதை மறந்துவிடக் கூடாது. அவர் 12 சதவீதம் கழிப்பதும் அதே 10 கோடி ஏட்டு மதிப்பின் மேல்தான். 20 கோடியின் மேல் கழித்தால் 2.40 கோடியாகி, உங்கள் 1 கோடி மிச்சம் 20 லட்சம் பற்றாக்குறையாக மாறிவிடும். நூற்பாலையின் இயந்திரங்கள் புதியவையா பழையவையா என்பதைப் பார்க்காமல் இரண்டு பிரிவுகளையும் எந்த அளவுகோலாலும் அருகருகே நிறுத்த முடியாது.

இனி, 16 சதவீதம் என்ற எண்ணையே கொஞ்சம் உற்றுப் பார்ப்போம். அது திட்டத்தின் விகிதமல்ல, திட்டத்தின் முதல் ஆண்டு முகம். இயந்திர வரிசைக்கு ஐந்தாண்டு ஆயுள், முடிவில் விற்பனை மதிப்பு இல்லை, ஆண்டுக்கு 1 கோடி நேர்கோட்டுத் தேய்மானம் என்று கொண்டால், ஒவ்வோர் ஆண்டும் கைக்கு வரும் ரொக்கம் 1.80 கோடி, தேய்மானம் போக லாபம் 80 லட்சம். ஆண்டுத் தொடக்க ஏட்டு மதிப்பு 5 கோடியிலிருந்து ஆண்டுக்கு ஒரு கோடியாக இறங்கும். ஆகவே விகிதம் முதல் ஆண்டில் 16 சதவீதம், இரண்டாம் ஆண்டில் 20, மூன்றாம் ஆண்டில் 26.7, நான்காம் ஆண்டில் 40, கடைசி ஆண்டில் 80. இயந்திரமும் அதேதான், ஒப்பந்தமும் அதேதான், ரொக்கமும் ஒரு பைசா மாறவில்லை. உங்கள் பிரிவின் மற்றப் பகுதி இன்றைய நிலையிலேயே இருந்தால், மொத்த விகிதம் முதல் ஆண்டில் 20 ஆக இறங்கி, இரண்டாம் ஆண்டிலேயே 14 கோடிக்கு 3 கோடி என்று 21.4-ஐத் தொட்டு, மூன்றாம் ஆண்டில் 23-ஐத் தாண்டியிருக்கும். ஊக்கத்தொகையை ஓராண்டு மட்டும் இழந்திருப்பீர்கள்.

இந்தத் திட்டத்தின் எஞ்சிய வருமானத்தை ஆண்டுவாரியாகப் பாருங்கள். முதல் ஆண்டில் 80 லட்சத்திலிருந்து 5 கோடிக்கு 12 சதவீதமான 60 லட்சம் கழிந்து 20 லட்சம். பிறகு 32, 44, 56, 68 லட்சம். இந்த ஐந்து தொகைகளையும் 12 சதவீதத்தில் தள்ளுபடி செய்து இன்றைய மதிப்பாக்கிக் கூட்டினால் 1.49 கோடி வருகிறது. இப்போது கணக்கை வேறு வழியில் போடுங்கள்: ஆண்டுக்கு 1.80 கோடி ரொக்கத்தை ஐந்தாண்டுக்கு அதே 12 சதவீதத்தில் தள்ளுபடி செய்தால் 6.49 கோடி, போட்ட 5 கோடியைக் கழித்தால் நிகர இன்றைய மதிப்பு அதே 1.49 கோடி. இது தற்செயல் அல்ல. தேய்மானத்தை எந்த முறையில் எழுதினாலும், ஐந்தாண்டில் எழுதப்படும் தேய்மானம் மொத்தம் 5 கோடியாக இருக்கும்வரை, எஞ்சிய வருமானங்களின் இன்றைய மதிப்பும் திட்டத்தின் நிகர இன்றைய மதிப்பும் ஒன்றாகவே வரும். விகிதத்துக்கு இந்தப் பண்பு கிடையாது. 16, 20, 26.7, 40, 80 ஆகியவற்றை எப்படிக் கூட்டினாலும், எதனால் வகுத்தாலும், திட்டம் குழுமத்துக்கு எவ்வளவு மதிப்புச் சேர்த்தது என்ற விடை கிடைக்காது. அளவுகோல்கள் மோதும்போது நான் எஞ்சிய வருமானத்தின் பக்கம் சாய்வதற்குக் காரணம் இந்த ஒரு பண்புதான்.

ஆனால் அந்தப் பண்பு ஐந்தாண்டு முழுமைக்கும் சேர்த்துத்தான் உண்மை, எந்த ஒரு தனி ஆண்டுக்கும் அல்ல. நடைமுறையில் பலரும் சறுக்குவது இங்கேதான். உங்கள் ஏற்றுமதி ஒப்பந்தம் முதல் நாளிலேயே முழு அளவில் ஓடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாங்குபவரின் மாதிரி ஒப்புதல், தரப் பரிசோதனை எல்லாம் முடிந்து ஓட்டம் பிடிக்க நாளாகும். ரொக்கம் முதல் ஆண்டில் 1.20 கோடி, அடுத்து 1.50, 1.80, 2, கடைசியில் 2.20 கோடி என்று படிப்படியாக ஏறினால், நிகர இன்றைய மதிப்பு 1.07 கோடி, இதுவும் ஏற்க வேண்டிய திட்டமே. ஆனால் முதல் ஆண்டு லாபம் 20 லட்சம்தான், விகிதம் 4 சதவீதம். எஞ்சிய வருமானம் 20-இலிருந்து 60 கழிந்து மைனஸ் 40 லட்சம். இரண்டாம் ஆண்டிலும் வெறும் 2 லட்சம்தான் மிஞ்சும். பலன் எல்லாம் கடைசி மூன்று ஆண்டுகளில்: 44, 76, 108 லட்சம். இரண்டாண்டில் மாற்றலாகிப் போகவிருக்கும் மேலாளர், எஞ்சிய வருமானத்தால் அளக்கப்பட்டாலும், இந்தத் திட்டத்தை மறுக்கவே செய்வார். விகிதத்தை எடுத்துவிட்டு எஞ்சிய வருமானத்தை வைத்ததால் மட்டும் குறுகிய பார்வை போய்விடாது. தேய்மானத்தைத் தொடக்கத்தில் குறைவாகவும் பிறகு அதிகமாகவும் எழுதி இதைச் சரிசெய்யலாம் என்று பாடநூல்கள் சொல்லும். கம்பெனிக் கணக்குக்கு ஒன்று, வரிக்கு ஒன்று, மேலாளருக்கு ஒன்று என்று மூன்று தேய்மானப் பட்டியல் வைத்துக்கொள்ளும் பொறுமையை நான் பார்த்த எந்தத் தொழிற்சாலையிலும் கண்டதில்லை.

அடுத்து, நூற்பாலை மேலாளர் முதலிடம் என்ற கூற்று. அவருடைய எஞ்சிய வருமானம் 12 கோடியில் 9.60 கோடி போக 2.40 கோடி; உங்களுடையது 1 கோடி. ஆனால் அவர் கையில் உங்களைப் போல் எட்டு மடங்கு மூலதனம் இருக்கிறது. உங்கள் பிரிவை அப்படியே எட்டு மடங்காக்கிப் பார்த்தால் 8 கோடி மிஞ்சும். ரூபாயில் அளக்கும் எந்த அளவுகோலும் பெரிய பிரிவுக்குச் சாய்வாகவே இருக்கும். நெல் மூட்டையின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஐம்பது ஏக்கர் வைத்திருப்பவரை ஐந்து ஏக்கர் வைத்திருப்பவரைவிட நல்ல விவசாயி என்று சொல்வது போன்றது அது. எஞ்சிய வருமானத்தை ஒரு பிரிவை இன்னொரு பிரிவோடு ஒப்பிடப் பயன்படுத்தக் கூடாது. ஒரே பிரிவின் சென்ற ஆண்டோடும், அந்தப் பிரிவுக்கென்று வைத்த இலக்கோடும் ஒப்பிடவே அது ஏற்றது. நூற்பாலையின் 2.40 கோடி சென்ற ஆண்டு 3 கோடியாக இருந்திருந்தால், உங்களுடையது 70 லட்சத்திலிருந்து 1 கோடிக்கு வந்திருந்தால், யாருடைய ஆண்டு நல்ல ஆண்டு என்பது வேறு விதமாகத் தெரியும்.

12 சதவீதம் என்பது எங்கிருந்து வந்தது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அது வரிக்கு முந்தியதா பிந்தியதா, உங்கள் லாபமும் அதே அடிப்படையில் இருக்கிறதா என்பது ஒன்று. பஞ்சு விலையின் ஏற்ற இறக்கத்தில் நிற்கும் நூற்பாலைக்கும், அன்னிய நாட்டு வாங்குநர் ஒருவரை நம்பி நிற்கும் உங்கள் ஒப்பந்தத்துக்கும் ஒரே வீதம் பொருந்துமா என்பது மற்றொன்று. உங்கள் திட்டத்துக்கு 17 சதவீதம் என்று வைத்தால் முதல் ஆண்டு எஞ்சிய வருமானம் 20 லட்சத்திலிருந்து மைனஸ் 5 லட்சமாகிவிடும், ஐந்தாண்டு மொத்தத்தில் திட்டம் அப்போதும் லாபகரமானதே என்றாலும். விகிதத்தைக் கணக்கிட இந்த வீதமே தேவையில்லை, ஒப்பிடும்போதுதான் தேவைப்படும். எஞ்சிய வருமானத்தில் அது கணக்குக்குள்ளேயே புகுந்துவிடுவதால், வீதத்தை நிர்ணயிப்பவர் பாதித் தீர்ப்பையும் நிர்ணயித்துவிடுகிறார்.

மேலாளரை அளப்பதும் பிரிவை அளப்பதும் வேறு என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தலைமை அலுவலகக் கட்டடத்தின் பங்கு, குழுமத்துக்குப் பொதுவான காற்றாலை போன்றவை உங்கள் 10 கோடிக்குள் ஏற்றப்பட்டிருந்தால், பிரிவை வைத்துக்கொள்வதா மூடுவதா என்று பார்க்கும் கணக்கில் அவை இருக்கட்டும். உங்கள் ஊக்கத்தொகைக் கணக்கில் நீங்கள் வாங்கவும் விற்கவும் முடிந்தவை மட்டுமே இருக்க வேண்டும்.

இனி நீங்கள் செய்யக்கூடியது. மறுத்த திட்டத்தை, ஒப்பந்தம் இன்னும் கைநழுவியிருக்காவிட்டால், மறுபடி எடுத்துச் செல்லுங்கள். ஆனால் தனியாக அல்ல, ஆண்டுவாரிப் பட்டியல் ஒன்றோடு. அதில் ஐந்து ஆண்டுகளுக்கும் எதிர்பார்க்கும் ரொக்கம், தேய்மானம், தொடக்க ஏட்டு மதிப்பு, எஞ்சிய வருமானம் ஆகிய நான்கு வரிகள் போதும். நிதி இயக்குநரிடம் இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். ஒன்று, 21 சதவீதம் என்ற தகுதிக் கோடு அகற்றப்பட்டு, மாதச் சராசரி மூலதனத்தின் மேல் கணக்கிட்ட எஞ்சிய வருமானத்தில் உங்கள் பிரிவுக்கென்று தனி இலக்கு வைக்கப்பட வேண்டும். நூற்பாலையோடு வரிசைப்படுத்தல் கூடாது. விகிதத்தையும் அதன் இரண்டு கூறுகளையும் மாத அறிக்கையில் தொடர்ந்து பார்க்கட்டும். விளிம்பு குறைகிறதா, சுழற்சி குறைகிறதா என்பதை அவைதான் சீக்கிரம் காட்டும். இரண்டு, திட்டம் ஒப்புக்கொள்ளப்பட்டால், அந்தப் பட்டியலில் எழுதிய எண்களே அந்தந்த ஆண்டின் இலக்கில் சேர வேண்டும். ரொக்கம் படிப்படியாக ஏறும் திட்டமென்றால், முதல் ஆண்டுக்கு எதிரே மைனஸ் 40 லட்சம் என்று நீங்களும் அவரும் கையெழுத்திட்ட தாளில் இருக்க வேண்டும். அந்த ஆண்டு முடிவில் மைனஸ் 30 லட்சம் வந்தால், அது ஊக்கத்தொகைக்குரிய ஆண்டாகக் கணக்கில் ஏறும் என்பதையும் அதே தாளில் எழுதி வாங்குங்கள்.